அப்பாவின் ஈரல்: யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவைச் சென்னைக்குக் கொண்டுபோவோமா என்று கேட்டாய். தொலைபேசியில் ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரில் யாருக்காவது வருத்தம் கடுமையானால் 'இந்தியாவுக்குக் கொண்டுபோங்கோ' என்பதுதான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். பலாலியிலிருந்து ஏறினால் ஒன்றரை மணித்தியாலத்தில் சென்னை. அங்கே பேசுவதும் தமிழ். அதனால் அது பெரிய முடிவு போலவே தெரிவதில்லை. ஆனால் ஈரல் சுருங்கிப்போன ஒருவரை எங்கே வைத்துப் பார்ப்பது என்பது வருஷக்கணக்கில் நீளும் கேள்வி. ஒரு பயணத்தோடு அது முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்கிறேன். மாதாமாதம் செய்யவேண்டிய எல்லாவற்றையும் யாழ்ப்பாணத்திலேயே செய்வோம். சென்னைக்குப் போவதென்றால் ஈரல் மாற்று என்ற ஒரே கேள்வியோடு, ஆயத்தங்களை முடித்துக்கொண்டு போவோம். இங்கே ரொறன்ரோவில் ஈரல் நோயாளர் வாட்டில் வேலை செய்கிற நேர்சாகவும், மாமியைச் சென்னையில் வைத்துப் பார்த்த மருமகளாகவும் இரண்டு பக்கமும் கண்டதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அப்பாவின் நிலை இதுதான். நீ அனுப்பிய ரிப்போர்ட்டில் பிலிருபின் 2.6, ஐ.என்.ஆர். 1.5, கிரியேட்டினின் 1.0, அல்புமின் 2.7, சோடியம் 131. வயிற்றில் தண்ணி நிறைய இருக்கிறது. இரவில் முழிப்பு, பகலில் தூக்கம், பெயர்கள் மாறிப்போகின்றன. இவற்றைச் சேர்த்துப் போடும் சைல்ட் புள்ளி 11 வருகிறது. 10ஐத் தொட்டாலே அது மூன்றாம் கட்டம். மாற்று ஈரலுக்கு யார் முந்தவேண்டும் என்று பார்க்கும் மெல்ட் கணக்கில் அப்பாவுக்கு 15 வருகிறது. சோடியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அதே மனிதருக்கு 20. கிரியேட்டினின் நன்றாக இருப்பதால் 15 என்ற எண் நம்மை ஆறுதலாக இருக்கச் சொல்கிறது. சோடியம் இறங்குவது, உடம்பு தண்ணியைப் பிடித்துவைக்கப் படும் பாட்டைக் காட்டுகிறது. 15ஐத் தொட்டவர்களை மாற்று ஈரலுக்குப் பரிசோதிக்கலாம் என்பது பொது வழக்கு. அப்பா அந்த வாசலில் நிற்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பா குடிக்காத மனிதர். சிரோசிஸ் என்றதும் ஊர் என்ன சொல்கிறது என்று அம்மா அழுதாள். இருபது வருஷத்து நீரிழிவும் ஈரலில் படிந்த கொழுப்பும் சேர்ந்து செய்த வேலை இது. ஈரல் அழற்சி வைரஸ்கள் குறைவாக உள்ள இலங்கையில், குடிக்காதவர்களின் சிரோசிஸுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அம்மாவிடம் நீயே உட்கார்ந்து இதைச் சொல்லு. உன் ஈரலுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வயிற்றுத் தண்ணி. இரண்டு நாட்டுக்குமுள்ள வித்தியாசம் இதில்தான் நன்றாகத் தெரியும். மூன்று கிழமைக்கு ஒரு தடவை அப்பாவுக்கு ஆறு லீற்றர் அளவில் எடுக்கவேண்டி வருகிறது. யாழ்ப்பாணத்தில் நீங்கள் விடியவே போய் வாட்டில் அனுமதி எடுக்கிறீர்கள். கட்டில் கிடைப்பது, டொக்டரின் ரவுண்ட், தண்ணி எடுப்பது, மறுநாள் பார்த்துவிட்டுத் துண்டு வெட்டுவது என்று இரண்டு மூன்று நாள் போய்விடுகிறது. காசு கேட்பாரில்லை. சென்னையில் மாமிக்குக் காலை எட்டு மணிக்குக் கட்டில், பத்து மணிக்கு ஊசி, நான்கைந்து மணித்தியாலத்தில் தண்ணி இறங்கி, பின்னேரம் வீடு. ஆனால் கட்டிலில் படுக்கமுன் கவுண்டரில் டெபாசிட் கட்டியாகவேண்டும். மருந்து, கையுறை, ஊசி எல்லாம் பில்லில் ஏறும். ஒரு தடவைக்கு முப்பதாயிரம் இந்திய ரூபாய்க்குக் கிட்ட வந்தது. நம் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல்.

இந்த வேகத்தைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். ஆனால் உள்ளே நடக்கும் வேலை ஒன்றேதான். அதே ஊசி, அதே குழாய். இரண்டு இடத்திலும் கேட்டுப் பெறவேண்டியவை இரண்டு. முதலாவது அல்புமின். ஐந்து லீற்றருக்கு மேல் எடுத்தால், எடுத்த ஒவ்வொரு லீற்றருக்கும் 8 கிராம் அல்புமின் ஏற்றவேண்டும். ஆறு லீற்றருக்கு 48 கிராம். இருபது வீத அல்புமின் 100 மில்லிலீற்றர் போத்தலில் 20 கிராம் இருக்கும், 50 மில்லிலீற்றர் போத்தலில் 10 கிராம். ஆகவே இரண்டு பெரியது, ஒரு சிறியது வாங்கினால் கணக்குச் சரி. மூன்று பெரிய போத்தல் வாங்கி அரைப் போத்தலை வீணாக்கவேண்டாம். அல்புமின் இல்லாமல் தண்ணியை மட்டும் எடுத்தால் அன்று அப்பா இலேசாகி நன்றாகத்தான் இருப்பார். நாலைந்து நாளில் சிறுநீர் குறையும், தலை சுற்றும், கிரியேட்டினின் ஏறும். வயிற்றிலிருந்த பாரம் போனதும் இரத்தம் வேறு குழாய்களில் தேங்கி, சிறுநீரகத்துக்குப் போகவேண்டியது குறைந்துவிடும். வீட்டில் 'தண்ணி எடுத்ததால்தான் கிட்னி போனது' என்று சொல்வார்கள். பல நேரம் கிட்னியைக் கெடுத்தது ஏற்றாமல் விட்ட அல்புமின்தான்.

நம்முடைய அரச வைத்தியசாலைகளில் இருப்பு இருந்தால் அல்புமினைக் காசில்லாமலே ஏற்றுவார்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்து இருப்புகள் எப்படிக் காலியாகின என்பதை நீதான் கண்ணால் கண்டவன். அன்றிலிருந்து 'வெளியில் வாங்கிக்கொண்டு வாங்கோ' என்ற துண்டு எந்த நாளும் வரலாம் என்று வைத்துக்கொண்டுதான் நான் கணக்குப் போட்டிருக்கிறேன். வாங்குவதென்றால் ஒசு சலவிலோ தெரிந்த பெரிய பாமசியிலோ பில்லோடு வாங்கு. தொகுதி எண்ணையும் காலாவதித் திகதியையும் படம் எடுத்து வை. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் விநியோகத்தால் எழுந்த வழக்கு உனக்கு நினைவிருக்கும். அல்புமினும் மனித இரத்தத்திலிருந்து பிரிப்பதுதான். சென்னையில் போத்தல் மலிவு என்று யாரிடமாவது சொல்லிப் பையில் போட்டு எடுப்பிக்கவேண்டாம். வழியில் வெயில் பட்டால் அது உதவாது.

இரண்டாவது, எடுத்த தண்ணியில் முதல் குப்பியை லேபுக்கு அனுப்பிக் கலங்களை எண்ணவேண்டும். நியூட்ரோபில் எண்ணிக்கை 250ஐத் தாண்டினால் வயிற்றுக்குள் கிருமி பிடித்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கிருமிக்குக் காய்ச்சலும் வயிற்றுநோவும் கட்டாயம் வரும் என்றில்லை. திடீரென்று அப்பா குழம்புவது மட்டும்கூட அதன் அடையாளமாக இருக்கலாம். சென்னையில் இந்தச் சோதனை பாக்கேஜிலேயே வரும், கேட்கத் தேவையில்லை. நம் வாட்டில் வேலை நெருக்கம் அதிகம். நீ பணிவாக, ஒவ்வொரு முறையும், 'கலம் எண்ண அனுப்பியாச்சா டொக்டர்?' என்று கேட்டால் போதும். யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஆளைப் பார்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டில் நோயாளியோடு ஒருவர் எந்நேரமும் நிற்கவேண்டும். மாத்திரை வாங்க ஓடுவது முதல் பில் கட்டுவது வரை அவர் வேலைதான். அந்நிய ஊரில் அது ஒரு முழுநேர உத்தியோகம். யாழ்ப்பாணத்தில் பார்வை நேரத்தில்தான் உங்களை உள்ளே விடுகிறார்கள், அதனால் மற்ற நேரம் நீ கடையைத் திறக்கலாம். ஆனால் அப்பா குழம்பிய நிலையில் தனியே கிடந்தால் கட்டிலிலிருந்து விழக்கூடும். அப்படியான நாட்களில் ஒருவர் பக்கத்தில் நிற்க வாட் சிஸ்டரிடம் அனுமதி கேள். கொடுப்பார்கள்.

அடுத்தது மூளைக் குழப்பம். இதற்கு வைத்தியம் வீட்டில்தான் நடக்கிறது. யாழ்ப்பாணமா சென்னையா என்ற பேச்சே இதில் இல்லை. ஈரல் கழிக்கவேண்டிய அமோனியா குடலிலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. லக்ரூலோஸ் பாணி அதைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளும். அளவை மில்லிலீற்றரில் யோசிக்காதே, மலத்தில் யோசி. நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தடவை இளகிய மலம் போகவேண்டும். ஒரு தடவைதான் போனால் பாணியைக் கூட்டு. ஐந்தாறு தடவை தண்ணியாகப் போனால் குறை, இல்லாவிட்டால் உடம்பு வரண்டு அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும். அம்மா 'நேற்று நல்லா இருந்தவர், பாணி வேண்டாம் என்றார்' என்று நிறுத்தியதாகச் சொன்னாள். நல்லா இருந்தது பாணியால்தான். அவளுக்கு அதைப் பக்குவமாகச் சொல்லு.

ரைபாக்ஸிமின் 550 மில்லிகிராம் குளிசை காலை ஒன்று, இரவு ஒன்று. கிளினிக்கில் இது இல்லை என்று நீ சொன்னாய். கொழும்பில் வாங்குவதற்கும் சென்னையில் வாங்குவதற்கும் விலையில் பெரிய இடைவெளி. இந்தியக் கம்பனிகளின் குளிசை ஒன்று நாற்பது ரூபாய் அளவில் முடிகிறது. மாதத்துக்கு அறுபது குளிசைக்கு 2,400 இந்திய ரூபாய், நம் காசில் 8,500 அளவில். இதை மட்டும், டொக்டரின் துண்டோடு, மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுப்பிக்கலாம். இந்தியாவால் நமக்கு மாதாமாதம் கிடைக்கும் உண்மையான உதவி இந்தக் குளிசைதான்.

ஒவ்வொரு காலையும் அப்பாவைக் கைகளை நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரல்களை விரிக்கச் சொல்லு. கை படபடவென்று தாழ்ந்து எழும்பினால் குழப்பம் தொடங்குகிறது. ஒரு கொப்பியில் தினமும் கையெழுத்துப் போடச் சொல்லு. கையெழுத்துக் குலைவது பேச்சுக் குலைவதற்கு முன்னமே தெரியும். குழப்பம் வந்தால் காரணத்தைத் தேடு: மலச்சிக்கலா, கறுத்த மலமா, கிருமியா, யாராவது நித்திரைக் குளிசை கொடுத்தார்களா. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய பயம். இரவில் முழித்திருக்கிறாரே என்று பாவப்பட்டு அரைக் குளிசை கொடுத்து, மூன்று நாள் எழும்பாத மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். முழங்கால் நோவுக்கு டைக்ளோபினாக் ஊசியும் வேண்டவே வேண்டாம், அது சிறுநீரகத்தை அடிக்கும். பரசிற்றமோல் நாளுக்கு இரண்டு கிராம் வரை, அதாவது 500இல் நான்கு குளிசை வரை, பயமில்லாமல் கொடுக்கலாம். சித்த மருந்தோ ஆயுர்வேதப் பொடியோ யார் தந்தாலும், நல்ல மனதோடு தந்தாலும், இப்போது வேண்டாம்.

சாப்பாட்டில் உப்பைத்தான் குறைக்கவேண்டும், மீனையும் முட்டையையும் அல்ல. இதில் இரண்டு ஊர்க்காரரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். மாமிக்கும் மூன்று மாதம் கஞ்சியும் ரசமும்தான் கொடுத்தார்கள். தோள் எலும்பு தெரியும்வரை தசை கரைந்தது. தசையும் அமோனியாவைக் கழிக்கும், அது போனால் குழப்பம் கூடும். தண்ணி இல்லாத அப்பாவின் நிறை 60 கிலோ என்று வைத்தால், நாளுக்கு 72 முதல் 90 கிராம் வரை புரதம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் இருக்கிறது. மிச்சத்தைப் பருப்பும் பயறும் தயிரும் தரட்டும். படுக்கமுன் ஏதாவது ஒன்று சாப்பிட்டே ஆகவேண்டும். இராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தசையை எரிக்கும். உப்பு நாள் முழுக்க ஒரு மட்டத் தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், கடைப் பாண், சூப் கட்டிகள் எல்லாவற்றையும் அதற்குள் எண்ணு. நண்டும் மட்டியும் நன்றாக அவிந்தால்தான்.

தொண்டைக் குழாயின் வீங்கிய நாளங்களுக்கு எண்டோஸ்கோப்பியில் பாண்ட் போடும் வேலை ஒரு தடவை முடிந்திருக்கிறது. இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை, நாளங்கள் அடங்கும்வரை தொடரவேண்டும். யாழ்ப்பாணத்தில் திகதி பிந்துகிறது என்றால், இந்த ஒன்றுக்கு மட்டும் டொக்டரைச் சனலில் கண்டு தனியாரில் செய்விக்கலாம். அதற்காகக் கடல் தாண்டவேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கானையும் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவை. சுருங்கிய ஈரலில் புற்று வந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடிக்கவேண்டும்.

இனி மாற்று ஈரல். சென்னை என்ற பெயர் நியாயமாக வரும் இடம் இது.

இலங்கையில் ராகமவில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையில் ஈரல் மாற்றுகிறார்கள். அரச வைத்தியசாலை, சத்திரசிகிச்சைக்குப் பில் இல்லை. ஆனால் செய்யும் எண்ணிக்கை குறைவு, மூளைச்சாவு அடைந்தவர்களின் ஈரல் கிடைப்பது அதைவிடக் குறைவு. இந்தியாவில் ஆண்டுக்கு நான்காயிரத்துக்கு மேல் நடக்கிறது. பெரும்பாலும் உயிருள்ள உறவினர் கொடுப்பது. சென்னை இதில் முன்னணி நகரம், கை பழகிய குழுக்கள் அங்கே உண்டு. இதுபோன்ற வேலையில் எண்ணிக்கைதான் அனுபவம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஆனால் சென்னையில் போய் வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு இருந்தால் ஒருநாள் ஈரல் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. தமிழ்நாட்டில் 2008 முதல் ஒழுங்காக நடக்கும் மூளைச்சாவு உறுப்புத் திட்டத்தில், இந்தியர் யாருக்கும் பொருந்தாத உறுப்புத்தான் வெளிநாட்டவருக்கு வரும். அது நியாயமான விதி. ஆகவே நமக்குள்ள வழி நம் வீட்டிலேயே ஒருவர் கொடுப்பது. இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நோயாளிக்கு இந்தியர் ஒருவர் கொடுக்கமுடியாது, நெருங்கிய உறவாக இருந்தால் ஒழிய. கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், சகோதரர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளை என்பவர்களே நெருங்கிய உறவு. இதற்கு வெளியே ஆள் பிடித்துத் தருவேன் என்று வரும் முகவர் குற்றத்துக்குள் நம்மைக் கூட்டிப்போகிறார். பேச்சையே எடுக்கவிடாதே.

கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகரகம் உறுதிப்படுத்தித் தரவேண்டும். படிவம் 21 என்பார்கள். அதன் பிறகு அனுமதிக் குழு கொடுப்பவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். யாராவது வற்புறுத்தினார்களா, காசு கைமாறியதா என்று பார்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழ்கள் ஆங்கில மொழிபெயர்ப்போடு, அம்மாவின் விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைகள், கடவுச்சீட்டுகள் எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர் ஒரே எழுத்தில் இருக்கவேண்டும். அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒரு மாதிரியும் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் இருப்பது எனக்குத் தெரியும். அங்கே லொட்ஜில் வாடகை ஓடிக்கொண்டிருக்க இதைத் திருத்தமுடியாது. கச்சேரியில் இப்போதே தொடங்கு. அப்பாவுக்கு மருத்துவ விசா, கூடப்போகிறவர்களுக்குத் துணையாளர் விசா. சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றலாம் என்ற யோசனை வேண்டாம்.

யார் கொடுப்பது? அப்பா பி பொசிட்டிவ். பி அல்லது ஓ இரத்தக்காரர் கொடுக்கலாம். என்னுடையது ஓ. ஆனால் இங்கே ஸ்கான் எடுத்தபோது என் ஈரலிலும் கொழுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். நிறையைக் குறைத்து மறுபடி எடுப்பேன். அது நடக்குமட்டும் என்னை எண்ணவேண்டாம். அம்மாவின் வயது கூட. மிஞ்சுவது நீ. இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் எல்லோரும் உன்னையே பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். அது இன்னும் கொடுமை.

கொடுப்பவரின் ஈரலில் வலது பக்கத்தை, ஏறத்தாழ அறுபது வீதத்தை, எடுப்பார்கள். மிச்சம் சில மாதத்தில் வளர்ந்துவிடும். அப்பாவின் 60 கிலோவுக்கு நிறையில் 0.8 வீதம், அதாவது 480 கிராம் ஈரலாவது வேண்டும். உன்னிடம் குறைந்தது முப்பது வீதம் மிஞ்சவேண்டும். ஸ்கானில் அளந்து பார்த்துத்தான் சொல்வார்கள். நல்ல இடத்தில்கூடக் கொடுப்பவர் இறக்கும் அபாயம் உண்டு. இருநூறு முதல் ஐந்நூறு பேரில் ஒருவர் என்ற அளவில் சொல்கிறார்கள். உனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மச்சாளோடு தனியே பேசு. அப்பாவோடும் அம்மாவோடும் பேசமுன் அவளோடு பேசு. நீ வேண்டாம் என்று முடிவெடுத்தால் 'டொக்டர் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்' என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். காரணம் யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

முதல் கட்டச் சோதனைகளுக்குச் சென்னை வேண்டாம். இரத்தக் குழு, ஈரல் சோதனை, மூன்று மாதச் சீனி, ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, ஒரு ஸ்கான். எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே சில ஆயிரம் ரூபாவில் முடியும். பாதிப் பேர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பதைச் சென்னையில் டெபாசிட் கட்டியபின் தெரிந்துகொள்வதைவிட ஊரிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது காசு. ஊரில் மாதச் செலவை மோசமான கணக்கில் போட்டேன். அல்புமின் முழுவதையும் வெளியில் வாங்கினால், நீ கடைசியாக அனுப்பிய பில்லின்படி பெரிய போத்தல் 25,000 ரூபா. ஒரு தடவைக்கு இரண்டரைப் போத்தல், 62,500. ஆண்டுக்குப் பதினேழு தடவை வரும், அதை மாதத்துக்குப் பிரித்தால் 90,000 அளவில். ரைபாக்ஸிமின் 8,500. கிளினிக்கில் கிடைக்காத மாதத்துப் பாணி 12,000. தனியார் லேப் 8,000. வானும் துணைக்கு நிற்கும் ஆளும் 15,000. மொத்தம் 1,33,500. நான் 1,35,000 அனுப்புகிறேன். வாட்டில் அல்புமின் கிடைத்த மாதம் மிஞ்சுவதைத் தனிக் கணக்கில் போடு, அதுதான் நம் பயணக்காசு. நீ கடையைப் பூட்டிவிட்டு நிற்கும் நாட்களை இதில் நான் எழுதவில்லை. அதற்கு என்னிடம் விலை இல்லை. நான் காசு தருகிறேன், நீ நாட்களைத் தருகிறாய். இரண்டில் எது பெரிய பங்கு என்று எனக்குத் தெரியும்.

சென்னையில் பரிசோதனைக்கு மட்டும், உனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து, டிக்கெட்டும் லொட்ஜும் உட்பட நான்கு இலட்சம் இந்திய ரூபாய் வைக்கவேண்டும். ஒன்றுக்கு மூன்றரை என்று மாற்றினால் நம் காசில் 14 இலட்சம். சத்திரசிகிச்சைக்கு எனக்குச் சொன்ன பாக்கேஜ் 25 இலட்சம் இந்திய ரூபாய். அந்தப் பாக்கேஜில் எத்தனை நாள் ஐ.சி.யு., எத்தனை போத்தல் இரத்தம், மறுபடி திறக்கவேண்டி வந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டிருக்கிறேன். பாக்கேஜ் முடிந்தபின் ஓடும் பில்தான் குடும்பங்களை விழுத்துவது. அதற்கு ஆறு இலட்சமும், மூன்று மாதம் அங்கேயே தங்க நான்கு இலட்சமும் வைத்தால் 35 இலட்சம் வருகிறது. நம் காசில் ஒரு கோடி இருபத்திரண்டு இலட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டின் ஏழைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இதில் பெரும் பங்கைத் தாங்குகிறது. இலங்கைக் கடவுச்சீட்டோடு போகும் நமக்கு அது இல்லை. ஜனாதிபதி நிதியம் ஈரல் மாற்றுக்கு உதவுகிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தைக் கொடு, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதே. நானும் அத்தானும் இங்கே வீட்டின் மேல் கடன் எடுக்க வங்கியோடு பேசியிருக்கிறோம். தோட்டக் காணியை விற்கிற பேச்சு வேண்டாம். அது அம்மாவின் சீவியத்துக்கு உள்ளது.

மாற்று முடிந்து ஊருக்கு வந்தபின்னும் அப்பா ஆயுள் முழுக்க டாக்ரோலிமஸ் எடுக்கவேண்டும், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஆகவே சென்னைக்குப் போகமுன்னமே ராகமவுக்கு ஒரு கடிதம் வாங்கி அங்கே அப்பாவைக் காட்டிவிடு. அவர்கள் செய்வதாகச் சொன்னால் அதையே எடுப்போம். செய்யாவிட்டாலும், திரும்பி வந்தபின் பார்த்துக்கொள்ள அவர்கள் வேண்டும். அங்கே வெட்டியவர் இங்கே இருக்கமாட்டார்.

எப்போது போகக்கூடாது என்பதையும் இப்போதே பேசிவைப்போம். உடம்பில் கிருமி இருக்கும்போது போவதில்லை. கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போகும்போது போவதில்லை. அப்பா கூப்பிட்டால் கண் திறக்காத நிலையில் அவரை விமானத்தில் ஏற்றுவதில்லை. அந்தக் கட்டத்தில் கொண்டுபோய், ஐ.சி.யு.வில் கண்ணாடிக்கு வெளியே நின்று, கடைசியில் பெட்டியில் கொண்டுவரக் காகிதம் தேடி அலைந்த குடும்பங்களை மாமியின் வாட்டில் பார்த்தேன். அப்படி ஒரு நாள் வந்தால் அப்பா தன் வீட்டு விறாந்தையில், அம்மாவின் பக்கத்தில் இருக்கட்டும். வயிறு இலேசாகத் தண்ணியை எடுப்போம், நோவைக் குறைப்போம், நான் வந்துவிடுவேன். அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலையில் இதை அவரிடமும் கேட்கவேண்டும். நான் வீடியோவில் இருக்கிறேன், நீ பக்கத்தில் இரு.

வருகிற கிளினிக்கில் சோடியம், கிரியேட்டினின், பிலிருபின், ஐ.என்.ஆர். நான்கையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லு. ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே எனக்கு அனுப்பு. உன் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுப்பதா இல்லையா என்பதற்கு மாத முடிவுவரை நேரம் எடு.

அன்புடன்,
அக்கா